முடிவு வெளியாகும் நாளில் ஸ்ட்ராடிலா, டெபிட் ஸ்பிரெட்டா?

காலாண்டு முடிவுக்கு முந்தைய நாள் ஸ்ட்ராடில் வாங்கினேன். பங்கு 5 சதவீதம் ஏறியும் நஷ்டம். ஏன்?

நீங்கள் கொடுத்த விலையில் அந்த நகர்வு ஏற்கெனவே அடங்கியிருந்தது. பங்கு 100, எக்ஸ்பைரிக்கு 7 நாள், ஆப்ஷன் விலையில் அடங்கிய எதிர்பார்ப்பு ஏற்ற இறக்கமான ஐ.வி. 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 ஸ்டிரைக்கில் கால், புட் இரண்டும் சேர்ந்த ஸ்ட்ராடில் சுமார் 8.8 ஆகும். மறுநாள் முடிவு தெரிந்து ஐ.வி. 40-க்கு இறங்கினால், பங்கு 105-இல் இருந்தாலும் ஸ்ட்ராடிலின் மதிப்பு சுமார் 6 மட்டுமே. பங்கு அசையாவிட்டால் 4.1. பாதிக்கு மேல் ஒரே இரவில் போய்விடும்.

டெபிட் ஸ்பிரெட்டில் இந்த அடி எப்படிக் குறைகிறது?

அதே பங்கில் 100 காலை 4.4-க்கு வாங்கி, 105 காலை 2.45-க்கு விற்கிறீர்கள். கையை விட்டுப் போவது 1.95. ஐ.வி. சரிந்து பங்கு 100-லேயே நின்றால், வாங்கிய கால் 2.4 இழக்கும், விற்ற காலும் 2 இழக்கும், அந்த இழப்பு உங்கள் லாபம். நிகர நஷ்டம் 0.4 தான். பங்கு 105 ஆனால் ஸ்பிரெட் 3.3-க்குப் போகும், அதாவது 1.35 லாபம்.

விற்கும் ஸ்டிரைக்கைத் தொலைவில் வைத்து இந்தப் பலனைக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர். 115 காலின் விலையே 0.6 தான், அது எவ்வளவு சரிந்தாலும் உங்கள் 2.4 நஷ்டத்தில் பெரிதாக எதையும் ஈடுகட்டாது.

எனக்குத் திசை தெரியாது. அப்போதும் இது உதவுமா?

கால் ஸ்பிரெட் மட்டும் போதாது. பங்கு 95-க்கு இறங்கினால் 1.95-இல் மிஞ்சுவது 0.4 தான். மேலே ஒரு கால் ஸ்பிரெட், கீழே 100/95 புட் ஸ்பிரெட் என இரண்டையும் வாங்கலாம்; சேர்த்து 4.1 ஆகும். பங்கு நகராவிட்டால் நஷ்டம் ஸ்ட்ராடிலின் 4.7-க்குப் பதிலாக 0.9 ஆகிவிடும். ஆனால் எக்ஸ்பைரியில் அதிகபட்ச மதிப்பு 5 என்பதால் உச்ச லாபமும் 0.9 தான். மறுநாளே 105-இல் விற்றால் 3.8 தான் கிடைக்கும், சிறிய நஷ்டம். நான்கு ஆப்ஷன்களுக்குமான கமிஷனும் வாங்கும்–விற்கும் விலை இடைவெளியும் அந்த 0.9-இல் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்பதால், திசை பற்றி ஒரு கருத்து இல்லாதவருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. பெரிய தாவலை எதிர்பார்ப்பவருக்கு ஸ்ட்ராடிலே சரி: பங்கு 115-க்குத் தாவினால் அது 15 ஆகும், கால் ஸ்பிரெட் 5-ஐத் தாண்டாது.

பங்கு 105-ஐத் தொட்டும் ஸ்பிரெட் 5 ஆகவில்லையே?

விற்ற 105 காலில் இன்னும் 6 நாள் கால மதிப்பு, சுமார் 2.1, ஒட்டிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்பைரி வரை 105-க்கு மேலேயே நின்றால் அது கரைந்து 5 கிடைக்கும். பங்கு 105-ஐ ஒட்டியே ஆடினால் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். விற்ற கால் உங்கள் மேல் செயல்படுத்தப்படுமா என்பது இறுதி விலை வந்த பிறகுதான் தெரியும்.