பபிள் சார்ட்டும் செலக்ஷன் சார்ட்டும்: நடுவுல வர்ற வரிகளை எப்படிப் போடறது?

கேள்வி: பபிள் சார்ட், செலக்ஷன் சார்ட் ரெண்டையும் ஒவ்வொரு பாஸா எழுதிக் காட்டச் சொல்றாங்க. எனக்கு கடைசி வரி சரியாத்தான் வருது, ஆனா நடுவுல இருக்கற வரிகளை எல்லாம் தப்புன்னு அடிச்சுடறாங்க. எங்க தப்பு பண்றேன்?

நீங்க எழுதினதைப் பார்க்காம சொல்றேன், அநேகமா செலக்ஷன் சார்ட்லதான் இடிக்கும். சின்ன நம்பர் ஒண்ணு கண்ணுல பட்ட உடனே ஸ்வாப் பண்ணிடறீங்கன்னு நினைக்கிறேன். அப்படிப் போட்டாலும் கடைசியில சார்ட் ஆகிடும், அதனாலதான் தப்பு வெளிய தெரியாது, ஆனா அது வேற அல்காரிதம்.

ஒரே அரேயை ரெண்டு முறையிலயும் போட்டுப் பார்ப்போம். 7 3 9 2 5, ஏறு வரிசை.

பபிள் சார்ட்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டை மட்டும்தான் பார்க்கணும், இடது பக்கம் பெரிசா இருந்தா அங்கயே மாத்திட்டு ஒரு இடம் நகரணும். முதல் பாஸ் முழுசா:

```
7 3 9 2 5   7>3, swap
3 7 9 2 5   7<9
3 7 9 2 5   9>2, swap
3 7 2 9 5   9>5, swap
3 7 2 5 9
```

இங்க நிறைய பேர் சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. முதல்ல 7-ஐ இழுத்துட்டு வர்றோம், 9 வந்ததும் 7-ஐ அங்கயே விட்டுட்டு 9-ஐ இழுக்க ஆரம்பிக்கணும், ஆனா சிலர் 7-ஐ விடாம அடுத்து 2 கூட ஒப்பிடுவாங்க. பக்கத்துல இல்லாத ரெண்டை ஒப்பிட்டாலே அது பபிள் இல்ல.

பாஸ் முடிஞ்சதும் 9 கடைசி இடத்துல உக்காந்துடுச்சு, இனி அதைத் தொட வேண்டாம். மீதி பாஸ் முடிவுல வர்ற வரிகள்:

```
pass 2:  3 2 5 7 9
pass 3:  2 3 5 7 9
pass 4:  2 3 5 7 9
```

இதுல அந்த 2-ஐ மட்டும் கவனிங்க. பெரிய நம்பர் ஒரே பாஸ்ல கடகடன்னு கடைசி வரைக்கும் போயிடும், ஆனா சின்ன நம்பர் ஒரு பாஸுக்கு ஒரு இடம்தான் இடது பக்கம் நகர முடியும், நாலாவது இடத்துல இருந்த 2 முதல் இடத்துக்கு வர மூணு பாஸ் ஆச்சு. உங்க பேப்பர்ல ஒரே பாஸ்ல எதாவது நம்பர் ரெண்டு இடம் இடது பக்கம் தாவியிருந்தா அந்த பாஸ்ல தப்பு இருக்கு.

நாலாவது பாஸ் எதுக்குன்னு கேப்பீங்க. மூணாவதுலயே சார்ட் ஆயிடுச்சுன்னு நம்ம கண்ணுக்குத் தெரியுது, ப்ரோக்ராமுக்குத் தெரியாது. ஸ்வாப் நடந்துச்சான்னு ஃப்ளாக் வச்சுப் பார்க்கற வெர்ஷனா இருந்தாலும் மூணாவது பாஸ்ல ஒரு ஸ்வாப் நடந்திருக்கறதால இன்னொரு தடவை ஓடித்தான் நிக்கும். அதனால அந்த வரியையும் எழுதிடுங்க.

இப்ப செலக்ஷன். உள் லூப்ல ஸ்வாப்பே கிடையாது, சின்னது எங்க இருக்குங்கற இன்டெக்ஸை மட்டும் குறிச்சு வச்சுக்கணும்:

```
min = i;
for (j = i + 1; j < n; j++)
    if (a[j] < a[min]) min = j;
swap(a[i], a[min]);
```

அதே 7 3 9 2 5. `i` = 0, அதனால `min` முதல்ல 0. 3 சின்னது, `min` 1 ஆகுது. 9 வேண்டாம். 2 இன்னும் சின்னது, `min` 3 ஆகுது. 5 வேண்டாம். இது வரைக்கும் அரே அசையவே இல்ல, இப்பதான் ஒரே ஒரு ஸ்வாப், 7-க்கும் 2-க்கும்:

```
pass 1:  2 3 9 7 5
pass 2:  2 3 9 7 5
pass 3:  2 3 5 7 9
pass 4:  2 3 5 7 9
```

ரெண்டாவது பாஸ்ல 3 ஏற்கெனவே சரியான இடத்துல இருக்கு, அதனால வரி அப்படியே வருது, அதே வரியைத் திருப்பி எழுதணும், விட்டுடக் கூடாது.

கண்டதும் ஸ்வாப் பண்ணியிருந்தா முதல் பாஸ்ல என்ன ஆகும்? 7-3 மாறி 3 7 9 2 5, அப்புறம் 3-2 மாறி 2 7 9 3 5. முதல்ல 2 சரியாத்தான் நிக்குது, ஆனா மீதி குழம்பிப் போச்சு பாருங்க. உங்க பேப்பர்ல 2 7 9 3 5 இருந்தா மார்க் போனதுக்குக் காரணம் இதுதான்.

எழுதி முடிச்சதும் ஸ்வாப்பை எண்ணிப் பாருங்க. செலக்ஷன்ல ஒரு பாஸுக்கு ஒண்ணுக்கு மேல வரவே கூடாது, இங்க மொத்தமே ரெண்டு. பபிளுக்கு, ஆரம்ப அரேல ஒவ்வொரு நம்பருக்கும் வலது பக்கம் அதைவிடச் சின்னது எத்தனை இருக்குன்னு எண்ணிக் கூட்டுங்க, 7-க்கு மூணு, 3-க்கு ஒண்ணு, 9-க்கு ரெண்டு, ஆக ஆறு. பபிள்ல நீங்க போட்ட ஸ்வாப்பும் மொத்தம் ஆறுதான் வரணும், ஒண்ணு கூடினாலோ குறைஞ்சாலோ எங்கயோ ஒரு ஜோடியை விட்டுட்டீங்க, இல்ல தேவையில்லாம மாத்திட்டீங்க.