மலைப்பூண்டு எபிசோடும் தள்ளிப்போகும் நேரக்குறிப்பும்

"பூம்பாறை பூண்டு விவசாயியோட 40 நிமிஷப் பேச்சு. பேச்சோட எழுத்து வடிவத்துல இருந்த நேரத்தையே எபிசோடோட பகுதித் தலைப்புகளுக்குப் போட்டேன். முதல் பாதியில சீக்கிரமா, பின்பாதியில தாமதமா விழுது."

உங்க எழுத்து வடிவம் வெட்டாத பதிவுல எடுத்தது, அதான் காரணம். முன்னாடி எவ்வளவு இசை சேர்த்தீங்க, நடுவுல எங்கே எவ்வளவு வெட்டினீங்கன்னு முதல்ல பாருங்க. உதாரணத்துக்கு, இசை 40 வினாடி, 18:10-லிருந்து மழைச் சத்தத்துக்காக 90 வினாடி வெட்டுன்னு வெச்சுக்குவோம். வெட்டுக்கு முன்னாடி உள்ள நேரத்தோட 40 கூட்டணும். பின்னாடி உள்ளதுல, வெட்டின 90-ல சேர்த்த 40 போக, 50 கழிக்கணும். 12:05 இப்போ 12:45 ஆகும், 25:20 இப்போ 24:30.

```
00:00 அறிமுகம்
12:45 விதைப்பூண்டு தேர்வு
24:30 புகையில் பதப்படுத்தல்
```

யூடியூப்ல முதல் வரி 00:00-ல தொடங்கணும், குறைஞ்சது மூணு தலைப்பு வேணும், ஒவ்வொண்ணும் 10 வினாடியாவது இருக்கணும்.

நேரத்தை விவசாயியோட பதில்ல வைக்காம, உங்க கேள்வி தொடங்குற இடத்துல வைங்க; கேள்வி இல்லாம பதில் அந்தரத்துல நிக்கும். தலைப்புக்கு அவர் வாயிலிருந்து வந்த சொல்லையே எடுங்க. 'புகை' என்று தேடுறவங்க 'அறுவடைக்குப் பிந்தைய மேலாண்மை'யை அழுத்தவே மாட்டாங்க. கடைசித் தலைப்பை வெளியிட்ட ஒலியிலேயே ஒருமுறை அழுத்திக் கேளுங்க. அது சரியா விழலைன்னா, கணக்குல வராத இன்னொரு வெட்டு இருக்கு.