சிரிக்கிறான், ஆனால் பேசுவதில்லை

“பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கபடி அணிக்குக் கேப்டனாக இருக்கிறேன். உடை மாற்றும் அறையில் ஒரே கேலியும் சிரிப்பும்தான். புதிதாக வந்த கார்னர் பையன் மட்டும் கூடச் சிரிக்கிறான், பேசுவதில்லை. கேலியை நிறுத்திவிடலாமா அண்ணாச்சி?”

நிறுத்த வேண்டாம் தம்பி. கோட்டைவிட்ட ரெய்டைச் சொல்லிச் சிரிக்கிற அணிதான் தவறைக் கூச்சமில்லாமல் பேசித் திருத்தும். ஆனால் அந்தப் பையன் யாரையாவது திருப்பிக் கிண்டல் செய்திருக்கிறானா என்று பாருங்கள்.

எங்கள் அணியிலும் ஒருவன் வீட்டிலிருந்தே ஜெர்சி போட்டுக்கொண்டு வருவான். ஆட்டம் முடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விடுவான். கூச்சம் என்று நினைத்தோம். களத்தில்தான் விஷயம் தெரிந்தது. கார்னர் ரெய்டரின் காலைப் பிடித்ததும் பக்கத்துக் கவர் ஆட்டக்காரன் பாய வேண்டும், அதற்கு ஒரு குரல் வேண்டும். இவன் குரலே கொடுக்க மாட்டான். தனியாகப் பிடித்து, ரெய்டரோடு நடுக்கோடு வரை இழுபட்டுப் போவான். விசாரித்தால், முதல் நாளே ஒருவன் சிரித்துக்கொண்டு “நீ எந்தத் தெரு?” என்று கேட்டிருக்கிறான். நம் பக்கத்தில் அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

எல்லோர் முன்னும் அறிவுரை சொல்லாதீர்கள், அவன் இன்னும் தனியாகத் தெரிவான். கேட்டவனை நான் தனியே அழைத்து, இனி ஊர், தெருப் பேச்சு வந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான் என்றேன். பிறகு இவனையும் கவரையும் தினமும் கைகோத்துப் பிடி பழக வைத்தேன். மூன்றாவது வாரம், பிடியை நழுவவிட்ட கவரிடம், கையில் எண்ணெய் தேய்த்து வந்தாயா என்று இவனே கேட்டான்.