பேருந்தில் வந்த பதில் ஹாலில் ஏன் வரவில்லை?

அம்மா, போன வாரம் நீங்கள் மகளோடு வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வீட்டுல கேட்டா கடகடன்னு ஒப்பிக்கிறா சார். ஹால்ல போய் உக்காந்தா ஒண்ணுமே வரலைங்கிறா." பிளஸ் டூ அரையாண்டு வேதியியல் தாளில், அலுமினியம் பிரித்தெடுக்கும் ஹால்-ஹெரால்ட் முறைக்குக் கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வரும்போது பேருந்தில் முழுப் பதிலும் வந்துவிட்டது. அதனால்தான் அழுகை.

அந்தப் பேருந்து எனக்கு முக்கியமான தகவல். புத்தகத்தைத் திறக்காமலே பதில் பிறகு வந்தது என்றால் அது மனதில் இருக்கிறது, எடுக்கும் வழிதான் அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. புத்தகத்தைத் திறந்த பிறகு "ஆமா, இது எனக்குத் தெரியுமே" என்று தோன்றுவது வேறு. அது பார்த்த முகத்தை அடையாளம் காண்பது மாதிரி. பேர் சொல்லத் தெரியும் என்று அர்த்தமில்லை. அப்படிப்பட்ட பாடத்தை மறுபடி படிக்கத்தான் வேண்டும், நான் கீழே சொல்லும் பயிற்சி அதற்கு உதவாது. ஆகவே ஒவ்வொரு தேர்வு முடிந்ததும், புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பு, விட்ட கேள்விகளை ஒரு வெற்றுத்தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வருவது ஒரு பட்டியல், வராதது இன்னொரு பட்டியல். உங்கள் மகளின் ஹால்-ஹெரால்ட் முதல் பட்டியலில் இருக்கிறது.

வீட்டில் எதைப் பிடித்துக்கொண்டு பதிலை எடுக்கிறாள் என்று அவளிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "வலது பக்கம், மேல, மஞ்சள் ஹைலைட்டர் போட்டிருப்பேன். அதுக்கு முன்னாடி எலிங்கம் வரைபடம் வரும்." நீங்களும் பாட வரிசையிலேயே கேள்வி கேட்கிறீர்கள். எலிங்கம் முடிந்ததும் ஹால்-ஹெரால்ட். அவளுக்குப் பதில் அந்த வரிசையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கேள்வித்தாளில் மஞ்சள் கோடும் இல்லை, முந்தின பாராவும் இல்லை. எங்கோ மின்வேதியியலுக்கும் கரிம வேதியியலுக்கும் நடுவே தனியாக அந்த ஒரு கேள்வி நிற்கிறது. பிடித்து ஏற வேண்டிய கயிறு வீட்டிலேயே இருந்துவிட்டது.

இது அவளுடைய குறை இல்லை, நினைவு எல்லோருக்கும் இப்படித்தான் வேலை செய்கிறது. டல்விங், பேர்ல்ஸ்டோன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1966இல் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். வகைவகையாகப் பிரித்த சொற்களை மனப்பாடம் செய்ய வைத்து, பாதிப் பேரிடம் சும்மா எழுதச் சொன்னார்கள். மீதிப் பேருக்கு வகையின் பெயரை மட்டும் கொடுத்தார்கள். பெயர் கிடைத்தவர்கள் நிறைய எழுதினார்கள். கிடைக்காதவர்களிடம் பிறகு அதே பெயர்களைக் கொடுத்ததும் விட்டுப்போன சொற்கள் திரும்பி வந்தன. சொற்கள் எங்கும் போய்விடவில்லை, பிடிதான் இல்லை.

அதனால் பிடியை மாற்ற வேண்டும். ஹாலில் கையில் கிடைக்கிற ஒன்றாக அது இருக்க வேண்டும். ஹாலில் கிடைப்பவை இரண்டுதான்: கேள்வியில் அச்சாகியிருக்கும் வார்த்தைகள், அவள் கையால் வரைகிற படம்.

நிறையப் பிள்ளைகள் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல் உண்டாக்குவார்கள். உங்கள் மகளும் செய்து பார்த்தாள். கார்பன், கிரையோலைட், கால்சியம் குளோரைடு: கா, கி, கா. ஹாலில் இரண்டு "கா"வில் எது கார்பன், எது கால்சியம் என்று குழம்பிவிட்டது. வரிசையாக வரும் பெயர்ப் பட்டியலுக்கு முதலெழுத்து சரி. ஒன்றோடொன்று தொடர்புள்ள ஒரு செய்முறைக்கு அது பலமான பிடி இல்லை.

இதற்குத் தொட்டிதான் பிடி. ஒரு செவ்வகம் வரைந்தால் போதும், பத்து விநாடி. அதைப் பார்த்து நான்கு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தொட்டி எதனால் ஆனது? இரும்புத் தொட்டி, உள்பக்கம் கார்பன் பூச்சு, அதுவே எதிர்மின்வாய். மேலிருந்து எது தொங்குகிறது? கார்பன் கட்டைகள், நேர்மின்வாய். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு சூடு? உருகிய கிரையோலைட்டில் 20% அலுமினா, உருகுநிலையைக் குறைக்கச் சுமார் 10% கால்சியம் குளோரைடு, 1270 கெல்வினுக்கு மேல். எது எங்கே போகிறது? Al³⁺ கார்பன் பூச்சுக்குப் போய் உலோகமாகித் தொட்டியின் அடியில் தங்குகிறது. ஆக்சைடு அயனி மேலே தொங்கும் கட்டைக்குப் போய் ஆக்சிஜனாகிறது, கார்பனோடு சேர்ந்து CO, CO₂ ஆகவும் வெளியேறுகிறது, அதனால்தான் கட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கடைசியில் மொத்த வினை:

4Al³⁺ + 6O²⁻ + 3C → 4Al + 3CO₂

கவனியுங்கள், ஒவ்வொரு பதிலும் படத்தில் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று மறந்தாலும் மற்றது கூடவே போய்விடாது. CO₂ ஞாபகம் வந்தால் கட்டை கார்பன் என்பது தானாகவே வரும்.

இன்னொரு வேலை உண்டு, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேள்வி எப்போதும் "ஹால்-ஹெரால்ட்" என்று பெயர் சொல்லி வராது. "அலுமினியத்தை மின்னாற்பகுப்பு முறையில் பிரித்தெடுத்தலை விளக்கு" என்று வரலாம். "கிரையோலைட்டின் பங்கு என்ன" என்று இரண்டு மதிப்பெண்ணிலும் வரலாம். எந்த வடிவில் வந்தாலும் முதலில் அந்தச் செவ்வகம் கைக்கு வர வேண்டும். ஆகவே சின்ன அட்டையில் முன்பக்கம் கேள்வியின் இரண்டு மூன்று வடிவங்கள், பின்பக்கம் தொட்டிப் படம் மட்டும். பதில் எழுதக் கூடாது. எல்லாக் கேள்விக்கும் அட்டை வேண்டாம், ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று நெடுவினாக்கள் போதும். ஐம்பது பிடி வைத்தால் எந்தப் பிடி எதற்கு என்பதையே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

சரி, பிடி தயார். ஆனால் அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டால் ஹாலில் வராது. தேர்வு மாதிரியான நேரத்தில் அதைப் பிடித்துப் பழகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நன்றாகக் காட்டுகிறது. சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள், சிலர் மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் அவர்களில் பலரை ஆட்கள் முன்னால் திடீர்ப் பேச்சு, கணக்கு என்று பதற்றப்படுத்திவிட்டுக் கேட்டார்கள். பதற்றத்தில் திரும்பப் படித்தவர்களின் நினைவு குறைந்தது. எடுத்துப் பழகியவர்களுக்குக் குறையவில்லை.

அவளுக்கு மூன்று சுற்று சொல்லியிருக்கிறேன். முதல் சுற்றில் ஐந்து நெடுவினா மட்டும், பாடங்களைக் கலைத்துப்போட்டு. அட்டையின் படப்பக்கத்தைப் பார்க்கலாம், புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்து இரண்டாவது சுற்று: அட்டை கிடையாது, ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் படத்தை மட்டும் ஞாபகத்திலிருந்து வரைந்துவிட்டு, அப்புறம் எழுத வேண்டும். படம் வராத கேள்விக்கு பிடி சரியில்லை, மாற்ற வேண்டும். மூன்றாவது சுற்று முழுத்தாள், 70 மதிப்பெண், மூன்று மணி நேரம். காலையில் பொதுத்தேர்வு நேரத்துக்கே உட்கார வையுங்கள். கட்டிலில் வேண்டாம், மேசையில். கேள்வித்தாளை அவள் முன்கூட்டிப் பார்த்திருக்கக் கூடாது. தாளைப் படிக்கக் கொடுக்கும் முதல் பத்து நிமிடத்தில் பேனா எடுக்காமல், 34 முதல் 38 வரையிலான ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு மட்டும் பிடியை மனதுக்குள் வரைந்து பார்க்க வேண்டும்.

அந்த மூன்றாவது சுற்றில் எங்காவது பிளாங்க் ஆகும். ஆகட்டும், அதற்காகத்தான் இதை வைக்கிறோம். அப்போது என்ன செய்வது என்பதையும் அங்கேயே பழக வேண்டும். பேனாவைக் கீழே வைத்து, மூச்சை மெதுவாக முழுசாக வெளியே விட்டு, கேள்வியை விரல் வைத்து ஒருமுறை படிக்க வேண்டும். எந்தப் பாடம் என்று மனதில் பெயர் சொல்ல வேண்டும். பிறகு விடைத்தாளில் பென்சிலால் செவ்வகத்தை வரைய வேண்டும். கேள்வித்தாளில் எதுவும் கிறுக்கக் கூடாது. நான்கு கேள்வியில் எதற்குப் பதில் வருகிறதோ அதிலிருந்து ஆரம்பிக்கலாம், நடுவிலிருந்து ஆரம்பித்தாலும் பரவாயில்லை. இத்தனைக்கும் இரண்டு நிமிடம். வரவில்லை என்றால் ஒரு பக்கம் இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். அரையாண்டில் போனது அந்த ஐந்து மதிப்பெண் மட்டுமில்லை அம்மா. அந்த இருபது நிமிடத்தில் நன்றாகத் தெரிந்த இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் வினாக்களையும் விட்டிருக்கிறாள். அதுதான் பெரிய நஷ்டம்.

நீங்கள் பக்கத்தில் இருந்தால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: திணறும்போது முதல் வரியை எடுத்துக் கொடுக்காதீர்கள். நாளைக்கு உங்கள் குரலே பிடியாகிவிடும், ஹாலில் அது இருக்காது. அவள் விழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்காதுதான். அடுக்களைக்குப் போய்விடுங்கள்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. கணக்குத் தாளுக்கும் இயற்பியலில் கணக்கீடுகளுக்கும் படப்பிடி அவ்வளவு உதவாது; அங்கே கை போட்டுப் பழகிய கணக்குதான் காப்பாற்றும். அவளுக்கு ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தின நாள் தூக்கமே வரவில்லை, ஹாலில் கை நடுங்கி நெஞ்சு படபடத்து எழுந்து வரத் தோன்றுகிறது என்றால், அது பிடி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. டாக்டரிடம் காட்டுங்கள், அல்லது 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மூன்றாவது சுற்று முடிந்ததும் மார்க் கூட்டுவதற்கு முன்னால் விடைத்தாளின் ஓரத்தைப் பாருங்கள். பிளாங்க் ஆன இடத்தில் மணியைக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்; மீண்டு எழுத ஆரம்பித்த மணியையும், எதைப் பிடித்து மீண்டாள் என்று ஒரு சொல்லையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். "11.40 – 11.42, தொட்டி" என்று இருந்தால் சரி. "11.40 – 11.55" என்று இருந்து பக்கத்தில் எந்தச் சொல்லும் இல்லாவிட்டால், அந்தத் தாளையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். எந்த அட்டை வேலை செய்யவில்லை என்று சேர்ந்து பார்க்கலாம்.