கேள்வி-பதில்: நட்டத்தில் ஓடும் விளம்பரத்தை எந்த நாளில் நிறுத்துவது?

கேள்வி: நான் பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலிருந்தபடி பஞ்சாபி சூட் விற்கிறேன். தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு முகவர் மூலம் விளம்பரம் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு 30 வெள்ளி என்று ஏழு நாளில் 210 வெள்ளி போய்விட்டது, வந்தது இரண்டே ஆர்டர். உடனே நிறுத்து என்கிறார் என் தம்பி. 50 ஆர்டர் வரும்வரை தொடக்கூடாது என்கிறார் முகவர். யார் பேச்சைக் கேட்பது? செலவுத் தாளையும் இணைத்துள்ளேன்.

பதில்: சகோதரி, இருவர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு ஆர்டரைப் பெறுவதற்கு விளம்பரத்தில் அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை முதலில் கணக்கிடுவோம். உங்கள் தாளின்படி ஒரு சூட்டின் விற்பனை விலை 129 ரிங்கிட். கொள்முதல் 64, கூரியர் 9, பை மற்றும் சில்லறைச் செலவு 3, அளவு பொருந்தாமல் திரும்பி வருபவற்றுக்காகச் சராசரியாக 5 என 81 ரிங்கிட்டைக் கழித்தால் மீதி 48. விளம்பரத்துக்கு ஒரு ஆர்டருக்கு 48 ரிங்கிட்டுக்கு மேல் போனால் நீங்கள் கைக்காசைப் போட்டு விற்கிறீர்கள் என்று பொருள்.

ஆனால் பேஸ்புக்கின் விளம்பரக் கணக்குத் திரையில் காட்டும் செலவு முழுச் செலவன்று. வெளிநாட்டு நிறுவனங்கள் வழங்கும் மின்னியல் சேவைகளுக்கு மலேசியாவில் 2020 முதல் சேவை வரி உண்டு. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. அந்த வரி உங்கள் விளம்பரக் கட்டணத்தின் மேல் தனியாக ஏறும். உங்கள் முகவரோ விளம்பரச் செலவில் 15 விழுக்காட்டைத் தம் கூலியாக எடுத்துக்கொள்கிறார். ஆகவே திரையில் 1 ரிங்கிட் என்று தெரிவது உங்கள் கையிலிருந்து 1.23 ரிங்கிட்டாகப் போகிறது. 48-ஐ 1.23-ஆல் வகுத்தால் 39 வருகிறது. திரையில் ஒரு ஆர்டருக்கு 39 ரிங்கிட் என்பதே உங்கள் எல்லைக் கோடு. இனி வரும் கணக்கெல்லாம் இந்த 39-ஐ வைத்துத்தான். செலவு கூடினால் கூலியும் கூடும் முறையில் ஊதியம் பெறுபவர் "பொறுங்கள்" என்று சொல்வதில் அவருக்கும் ஓர் ஆதாயம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக அவர் சொல்வது தவறு என்று ஆகிவிடாது.

அடுத்து, எவ்வளவு செலவான பிறகு ஒரு முடிவைச் சொல்ல முடியும் என்று பார்ப்போம். ஒரு விளம்பரம் உண்மையில் 39 ரிங்கிட்டுக்கு ஒரு ஆர்டர் தரக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட விளம்பரமும் சரியாக 39 ரிங்கிட்டுக்கு ஒன்று என்று மணியடித்தாற்போல் ஆர்டர் கொண்டுவராது. சில நாள் இரண்டு வரும், சில நாள் ஒன்றும் வராது. முதல் 39 ரிங்கிட் செலவாகியும் ஒரு ஆர்டர்கூட வராமல் போவது அத்தகைய நல்ல விளம்பரத்துக்கும் நூற்றுக்கு 37 முறை நேரும். இரு மடங்கு, அதாவது 78 ரிங்கிட் செலவாகியும் வெறுங்கையாக இருப்பது நூற்றுக்கு 13 அல்லது 14 முறை. மூன்று மடங்கு, 117 ரிங்கிட் ஆன பின்னும் ஒன்றும் வராமலிருப்பது நூற்றுக்கு ஐந்தே முறை. எனவே ஆர்டரே இல்லாத விளம்பரத்தை எல்லைத் தொகையின் மூன்று மடங்கில் நிறுத்துவது நியாயமான விதி. ஒரு மடங்கில் பதறி நிறுத்துகிறவர், பத்து நல்ல விளம்பரத்தில் ஏறக்குறைய நான்கைக் குழந்தைப் பருவத்திலேயே கொன்றுவிடுகிறார்.

ஓரிரண்டு ஆர்டர் வந்துவிட்டால் அந்த வரம்பு தள்ளிப் போகும். அதே நூற்றுக்கு ஐந்து என்ற அளவுகோலை வைத்தால், ஒரே ஒரு ஆர்டர் மட்டும் வந்திருக்கும்போது 4.75 மடங்கு வரை, அதாவது 185 ரிங்கிட் வரை காத்திருக்கலாம். இரண்டு வந்திருந்தால் 6.3 மடங்கு, 246 ரிங்கிட். மூன்று வந்திருந்தால் 7.75 மடங்கு, ஏறத்தாழ 302 ரிங்கிட். இந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் போதும், வேறு கணக்கு வேண்டியதில்லை.

இங்கேதான் பலர் இடறும் இடம் ஒன்று உள்ளது. விளம்பரத்தைப் பார்த்தவர் அன்றைக்கே வாங்குவதில்லை. அவர் வாட்ஸ்அப்பில் அளவு கேட்பார், அக்காவுக்குப் படத்தை அனுப்புவார், சம்பளம் வந்த பிறகு டூயிட்நவ் கியூஆரில் பணம் போடுவார். உங்கள் பழைய ஆர்டர்களைப் புரட்டி, முதல் செய்திக்கும் பணம் வந்ததற்கும் இடையே எத்தனை நாள் என்று பாருங்கள். உங்கள் தாளில் உள்ளவற்றில் பத்தில் ஒன்பது மூன்று நாளுக்குள் முடிந்திருக்கின்றன. ஆகவே எந்த நாளில் கணக்குப் பார்த்தாலும் கடைசி மூன்று நாள் செலவைக் கழித்துவிட்டு மீதியை மட்டுமே "முதிர்ந்த செலவு" என்று கொள்ளுங்கள். ஆர்டர்களை எண்ணும்போது இன்றுவரை வந்த எல்லாவற்றையும் எண்ணலாம். இது விளம்பரத்துக்குச் சற்றே சலுகை காட்டும் முறைதான், ஆனால் எளியது.

இப்போது உங்கள் நிலைக்கு வருவோம். 210-இல் கடைசி மூன்று நாளின் 90 போக, முதிர்ந்த செலவு 120 ரிங்கிட். நல்ல விளம்பரமாக இருந்தால் இந்நேரம் மூன்று ஆர்டர் எதிர்பார்க்கலாம். உங்களுக்கு இரண்டு வந்திருக்கின்றன. நல்ல விளம்பரத்துக்கும் நூற்றுக்கு 40 முறை இப்படி இரண்டோ அதற்குக் குறைவாகவோ வரும். ஆக, இன்று நிறுத்தச் சொல்லும் தம்பியின் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. இரண்டு ஆர்டருக்கான வரம்பு 246. முதிர்ந்த செலவு அதைக் கடப்பது 12-ஆம் நாள் இரவில், அப்போது மொத்தச் செலவு 360, முதிர்ந்தது 270. அன்றும் இரண்டிலேயே நின்றிருந்தால் மறு யோசனையின்றி நிறுத்துங்கள். மூன்றாவது வந்திருந்தால் 14-ஆம் நாள் வரை விடலாம். நான்கு வந்திருந்தால் வரம்பு ஏறத்தாழ 357 ரிங்கிட், அதாவது 15-ஆம் நாள். பன்னிரண்டாம் நாளில் நிறுத்த நேர்ந்தால், வரியும் கூலியும் சேர்த்து நீங்கள் மொத்தத்தில் செலவழித்திருப்பது 443 ரிங்கிட். அந்தத் தொகையை இழக்க உங்களால் முடியாதென்றால், விளம்பரத்தின் தரம் எதுவாக இருந்தாலும் முன்னதாகவே நிறுத்த வேண்டியதுதான்.

முகவரின் 50 ஆர்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விளம்பர முறையில், யாருக்கு விளம்பரத்தைக் காட்டினால் பலன் வரும் என்று அந்த முறை பழகிக்கொள்ளும் காலம் கற்றல் கட்டம். ஒரு விளம்பரத் தொகுப்பு வாரத்துக்குச் சுமார் 50 பலன்களைப் பெற்றால்தான் அதைத் தாண்டும் என்று அந்நிறுவனமே கூறுகிறது. அது எட்டாதபோது திரையில் Learning limited என்று காட்டும். அந்த அளவு உண்மைதான், ஆனால் உங்கள் பணப்பைக்கு அது பொருந்தாது. ஒரு ஆர்டருக்கு 39 ரிங்கிட் என்றே வைத்தாலும் வாரத்துக்கு 50 ஆர்டர் பெற நாளொன்றுக்கு ஏறத்தாழ 279 ரிங்கிட் வேண்டும். 30 ரிங்கிட்டில் வாரத்துக்கு ஐந்து ஆர்டரே வரும். ஆக "கற்றல் முடியட்டும்" என்று காத்திருப்பது, உங்கள் விளம்பரம் ஒருபோதும் போய்ச் சேராத ஊருக்கு டிக்கெட் எடுத்த கதை.

காத்திருக்கும் நாள்களில் விளம்பரத்தில் கைவைத்துக்கொண்டே இருக்காதீர்கள். படத்தையோ பார்வையாளர் வட்டத்தையோ மாற்றினால் அந்த முறையின் கற்றல் மறுபடி தொடங்கும். உங்கள் கணக்கிலும் பழைய விளம்பரத்தின் செலவும் புதியதன் செலவும் கலந்துவிடும். அதேபோல் 30 ரிங்கிட்டை ஐந்து விளம்பரங்களுக்குப் பிரித்துவிடாதீர்கள். தலைக்கு 6 ரிங்கிட் என்றால் ஆர்டரே இல்லாத விளம்பரத்தை நிறுத்தும் 117 ரிங்கிட்டை எட்டவே 20 நாள் ஆகும். ஒரு முகவர் எட்டு விளம்பரங்களை இப்படி ஓடவிட்டு, தீபாவளி முடிந்த மறுநாள் "இன்னும் தரவு போதவில்லை" என்று சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது முழு உண்மை என்பதுதான் வேடிக்கை.

ஆர்டர்களை எண்ணும்போது திரையை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் பேசிப் பணம் போட்டவரை அது அறியாமல் போகலாம். விளம்பரத்தை ஒரு நாளுக்குள் வெறுமனே பார்த்தவரின் கொள்முதலையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரிடமும் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். நிறுத்துவதா இல்லையா என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆர்டர் குறைவாக இருப்பதற்கு விளம்பரம்தான் காரணமா என்பதையும் அந்த நோட்டிலேயே காணலாம். விளம்பரத்தின் வழியாக முப்பது பேர் செய்தி அனுப்பி இரண்டு பேர் மட்டுமே வாங்கினால், விளம்பரம் ஆள் கூட்டி வரும் வேலையைச் செய்துவிட்டது. விலையோ, அளவு விவரமோ, பதில் போடும் தாமதமோதான் தடை. அப்போது விளம்பரத்தை நிறுத்துவது தவறான இடத்தில் வைத்தியம் பார்ப்பதாகும். மாறாக இரண்டு மூன்று பேரே செய்தி அனுப்பியிருந்தால் பழி விளம்பரத்தின் மீதுதான். இன்னும் சில வேளைகளில் காத்திருப்பதற்கே இடமில்லை: இணைப்பு திறக்கவில்லை, அந்த நிறம் தீர்ந்துவிட்டது, விலை தவறாகப் போட்டுவிட்டார்கள் என்றால் எத்தனை ரிங்கிட் செலவானது என்று பாராமல் அந்த மணி நேரத்திலேயே நிறுத்த வேண்டும்.

இந்த விதியின் பலவீனத்தையும் மறைக்க மாட்டேன். ஒவ்வொரு வரம்பிலும் நூற்றுக்கு ஐந்து என்று சொன்னாலும், முதல் மூன்று வரம்புகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது நல்ல விளம்பரம் தவறாக வெட்டுப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது ஆகிறது. நினைத்த போதெல்லாம் எட்டிப் பார்த்து நிறுத்தினால் இன்னும் கூடும். மறுபக்கம், ஒரு ஆர்டருக்கு 78 ரிங்கிட் விழுங்கும் மோசமான விளம்பரமும் நான்கில் மூன்று முறைக்கு மேல் முதல் வரம்பைத் தப்பிவிடும். எல்லைக் கோட்டை ஒட்டியே, 40, 45 என்று இழுத்துக்கொண்டு ஓடும் விளம்பரத்தை இந்த வரம்புகள் வெகுநாள் பிடிக்காது. அதற்கு மொத்தத் தொகைக்கும் தேதிக்கும் ஒரு பூட்டு தேவை. உங்களுக்கு நான் சொல்வது, திரையில் 600 ரிங்கிட் அல்லது தீபாவளிக்குப் பத்து நாள் முன், எது முதலில் வருகிறதோ அது. மூன்று நாள் யோசிப்பு, கூரியர், அளவு சரியில்லாமல் மாற்றித் தருவது என்று பார்த்தால் அதன் பிறகு பிடிக்கும் வாடிக்கையாளருக்குப் பண்டிகைக்குள் துணி கையில் சேர்வது சந்தேகம்.

இன்றே முகவருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்: "12-ஆம் நாள் இரவு என் நோட்டின்படி இரண்டு ஆர்டர் மட்டுமே இருந்தால் இந்த விளம்பரம் நிற்கும். மூன்று இருந்தால் 14 வரை, நான்கு இருந்தால் 15 வரை. அதற்கிடையில் என்னைக் கேட்காமல் படத்தையோ தொகையையோ மாற்ற வேண்டாம். எப்படியும் 600 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது." அவர் ஒப்புக்கொண்டு பதில் போட்ட பிறகு, 12-ஆம் நாள்வரை தம்பியிடம் அந்தத் திரையைக் காட்டாமலிருப்பதும் நல்லது.