பிரசங்கியில் 24 இடத்தில் ஒரே எபிரெயச் சொல்: எங்கே காற்று, எங்கே மூச்சு?

கேள்வி: "விவிலியத்தின் பிரசங்கி நூலை இன்றைய தமிழில் பெயர்க்கிறேன். ரூஆஹ் என்ற சொல் காற்றுக்கும் வருகிறது, மூச்சுக்கும் வருகிறது, ஆவிக்கும் வருகிறது. ஒரே தமிழ்ச் சொல்லை வைத்தால் சில வசனங்கள் கெடுகின்றன. இடத்துக்கு இடம் மாற்றினால் எழுதியவர் ஒரே சொல்லைச் சொன்னதே தெரியாமல் போகிறது. என்ன செய்வது?"

பதில்: நூல் முழுக்க ஒரே சொல் என்று பிடிவாதம் வேண்டாம். ஆனால் ஒன்றோடொன்று பேசும் வசனங்களுக்குள் சொல் மாறவே கூடாது. இந்த நூலில் ரூஆஹ் 24 முறை வருகிறது. அவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டம் காற்று: 13 இடங்கள். 1:6-இல் சுழன்று திரும்பும் காற்று இருமுறை, 11:4-இல் காற்றையே பார்த்துக்கொண்டிருந்து விதைக்காதவன் ஒருமுறை. இவற்றில் குழப்பமில்லை. குழப்பம் 1:14-இல் தொடங்கி 6:9 வரை ஒன்பது முறை வரும் பல்லவியில்தான். பழைய தமிழ்த் திருப்புதல் அங்கே "மனதுக்குச் சஞ்சலம்" என்கிறது. ரூஆஹை மனம் என்று எடுத்துக்கொண்டதன் விளைவு அது. ரூஆஹுக்கு முன்னால் நிற்கும் சொல்லை மேய்த்தல் என்றும் கொள்ளலாம், நாடுதல் என்றும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் கைக்கு அகப்படாத ஒன்றின் பின்னால் போவதே படம். ஓசியா 12:1-இல் காற்றை மேய்வதும் கீழ்க்காற்றைத் துரத்துவதும் சேர்ந்தே வருவது இதற்குத் துணை. "காற்றைத் துரத்துவது" என்று வைத்தால் 5:16-இல் காற்றுக்காக உழைத்தவனும் இதே கூட்டத்தில் தானாக வந்து சேர்கிறான். (எபிரெயப் பதிப்பில் அது 5:15. அந்த அதிகாரத்தில் எண் ஒன்று குறையும். பட்டியல் போடும்போது இது பலரைத் தடுமாற வைக்கும்.)

இரண்டாம் கூட்டம் மூச்சு: ஏழு இடங்கள். அதிகம் தவறுவது இங்கேதான். 3:19-ஐயும் 3:21-ஐயும் 12:7-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மனிதனுக்கும் விலங்குக்கும் ஒரே ரூஆஹ் என்று சொல்லிவிட்டு, இரண்டே வசனம் தள்ளி அந்த ரூஆஹ் மேலே போகிறதா கீழே போகிறதா, யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார் பிரசங்கி. அந்தக் கேள்வி நூலின் கடைசி அதிகாரம் வரை நிற்கிறது. பழைய திருப்புதலில் 3:19 "சுவாசம்", 3:21 "ஆவி". வாசகருக்கு இரண்டு தனிப் பொருளாகத் தோன்றி வாதம் அறுந்துவிடுகிறது. இப்படி வைக்கலாம்:

"எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சு."
"மனிதனின் மூச்சு மேலே ஏறுகிறதா, விலங்கின் மூச்சு கீழே நிலத்துக்கு இறங்குகிறதா, யாருக்குத் தெரியும்?"
"மண் முன்பிருந்தபடியே நிலத்துக்குத் திரும்பும், மூச்சு அதைத் தந்த கடவுளிடம் திரும்பும்."

3:20-இல் வரும் மண்ணும் 12:7-இல் வரும் மண்ணும்கூட எபிரெயத்தில் ஒரே சொல். அதையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள்.

ஆவி என்ற சொல்லே அழகாக இருக்கிறதே, மூச்சு, உயிர் எல்லாம் அதில் அடங்குமே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் தமிழில் அது கொதிக்கும் பானையிலிருந்து எழுவதும்கூட. இந்த நூலின் மையச் சொல்லான ஹெவெல் (38 முறை) மூச்சுப்புகை, நீராவி என்ற பொருளில் பிறந்தது. அதற்கு மாயை என்றோ வீண் என்றோ எதை வைத்தாலும், ரூஆஹுக்கு ஆவி என்று வைத்தால் இரண்டின் படமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பேச்சுத் தமிழில் ஆவி என்றால் பேய் நினைவுக்கு வருவது இன்னொரு தொல்லை. பதிப்பாளர் 12:7-இல் ஆவிதான் வேண்டும் என்று நின்றால், ஏழு இடத்திலும் ஆவியே இருக்கட்டும். அந்த ஒரு வசனத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

மீதி நான்கு இடங்கள் (7:8-இல் இரண்டு, 7:9, 10:4) பொறுமை, செருக்கு, கோபம் பற்றியவை. அங்கே மனம் பொருந்தும். அப்படி வைத்தால் இதயத்தைக் குறிக்கும் லேவ் என்ற சொல்லுக்கு உள்ளம் என்று ஒதுக்கிவிடுங்கள். 7:3, 7:4-இல் அது வருகிறது. இரண்டுக்கும் மனம் என்றே போட்டால் பக்கத்துப் பக்கத்தில் மோதும்.

மூச்சுக் கூட்டத்தில் முடிவெடுக்கக் கடினமானவை, ரூஆஹ் இருமுறை வரும் 8:8-உம் ஒருமுறை வரும் 11:5-உம். 8:8-இல் ரூஆஹை அடக்க யாராலும் முடியாது என்ற உடனே சாவு நாள் வருவதால் மூச்சு என்று வைத்து, "காற்று என்றும் கொள்ளலாம்" என அடிக்குறிப்பு இடுங்கள். 11:5-க்கு முந்தைய வசனம் காற்றைப் பேசுகிறது. பிந்திய சொற்களோ கருவில் உருவாகும் எலும்பைப் பேசுகின்றன. எபிரெயப் பிரதிகள் சிலவற்றில் "எலும்புகளைப் போல" என்பதற்குப் பதில் "எலும்புகளில்" என்று இருக்கிறது. அதை ஏற்றால் மூச்சுதான். இங்கும் அடிக்குறிப்பு தேவை.

வரைவு முடிந்ததும் 6:9-ஐ எடுத்துப் பாருங்கள். உயிர், ஆசை என்று பொருள்படும் நெஃபெஷ், அதோடு ஹெவெல், ரூஆஹ் மூன்றும் அந்த ஒரே வசனத்தில் இருக்கின்றன. உங்கள் தமிழில் மூன்றும் மூன்று சொல்லாக நிற்க வேண்டும். பிறகு கோப்பில் "காற்", "மூச்" என்று புள்ளியோடு முடியும்படி தேடுங்கள். "காற்று" என்று முழுதாகத் தேடினால் காற்றை, காற்றின் எல்லாம் தப்பிவிடும். கிடைத்த எண்ணிக்கையை 13, 7 என்ற கணக்கோடு ஒப்பிட்டு, கூடினால் எங்கே தமிழ் நடைக்காக நீங்களே சேர்த்தீர்கள், குறைந்தால் எந்த வசனம் நழுவியது என்று வசன எண் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.