ரெஃபரல் கோட்: பரிசுப் பணம் எந்த நிமிஷத்தில் கைமாற வேண்டும்?

கோவையில் மளிகை டெலிவரி ஆப் நடத்துபவர்: மேடம், நண்பரை அழைத்தால் உங்களுக்கு 50 ரூபாய், அவருக்கு 50 ரூபாய் என்று போட்டோம். நாலே நாளில் 340 புதுக் கணக்கு. அதில் 112 ஒரே ஆளின் கோடில் வந்தவை. அவர் வாலட்டில் சேர்ந்த பணத்துக்கெல்லாம் எண்ணெய் டின்னாக வாங்கிவிட்டார். இந்த மாதிரி ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிப்பதை அப்புறம் பார்ப்போம். உங்கள் ஆப்பில் பணம் எந்த நிமிஷத்தில் கைமாறியது? ஓடிபி சரியானதும் இரண்டு வாலட்டிலும் 50 ஏறிவிட்டது, இல்லையா? ஓடிபி வாங்கித் தர மட்டுமே தற்காலிக எண்களை விற்கும் தளங்கள் இருக்கின்றன. ஒரு எண்ணுக்கு ஆகும் செலவு உங்கள் பரிசைவிடக் குறைவாக இருக்கும்வரை, ஒருவரைப் பிடித்தால் இன்னொருவர் வருவார்.

பலரும் செய்யும் முதல் திருத்தம், "முதல் ஆர்டர் போட்டால்தான் பரிசு" என்பது. அதிலும் ஓட்டை உண்டு. கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டு, பரிசு ஏறியதும் ரத்து செய்துவிடலாம். அதனால் ஆர்டர் போய்ச் சேர்ந்து, பணம் வந்து, பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்த பிறகே பரிசு ஏற வேண்டும்.

இத்தோடும் முடியவில்லை. 300 ரூபாய் ஆர்டரில் டெலிவரிச் செலவு போக உங்களுக்கு 30 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தருவது மொத்தம் 100. அந்த ஆள் தன் கோடில் தானே இன்னொரு கணக்கு திறந்து, உண்மையாகவே காசு கொடுத்துச் சாமான் வாங்கினாலும் உங்களுக்கு 70 ரூபாய் நஷ்டம். யாரும் பொய் சொல்லாமலே பணம் போகிறது.

நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். புதியவருக்கு முதல் ஆர்டரில் 30 ரூபாய் தள்ளுபடி. அழைத்தவருக்கு, அந்தப் புதியவரின் இரண்டாவது ஆர்டருக்குப் பிறகு 20, மூன்றாவதுக்குப் பிறகு 30. மொத்தம் 80. மூன்று ஆர்டரில் உங்களுக்கு நிற்பது 90. இப்போது ஒருவர் தன்னையே அழைத்துக்கொண்டாலும் உங்கள் கை கடிக்காது. வாலட் பணத்தையும் ஒரே பில்லில் முழுக்கக் கழிக்க விடாதீர்கள். ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் வரை என்று வைத்தால் எண்ணெய் டின் கதை நடக்காது.

அந்த 112 கணக்குகளைப் பற்றி: பதிவான நேரத்தை வரிசையாக எடுத்துப் பாருங்கள். நிஜ நண்பர்கள் ஒழுங்கில்லாமல் வருவார்கள். இன்று ஒருவர், ஒரு கல்யாண வீட்டில் பேசியதற்குப் பிறகு நான்கு பேர், அப்புறம் பத்து நாள் ஒன்றுமில்லை. நடு ராத்திரியில் இரண்டு மூன்று நிமிஷ இடைவெளியில் சீராக வந்திருந்தால் அது ஒரே கை. டெலிவரி முகவரிகள் ஒரே தெருவைச் சுற்றுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

சென்னை, ஆப் டெவலப்பர்: நாங்கள் ஒரு ஐபிக்கு ஒரு கணக்கு, ஒரு போனுக்கு ஒரு கணக்கு என்று பூட்டிவிட்டோம். மோசடி நின்றேவிட்டது. இதுதானே எளிய வழி?

பாதி சரி. போனைப் பார்ப்பது சரி, ஐபியைப் பார்த்துப் பூட்டுவது தவறு. மொபைல் நெட்வொர்க்கில் எத்தனையோ போன்கள் ஒரே பொது ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் நிற்கின்றன. கல்லூரி விடுதி வைஃபையும் அப்படித்தான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதே பூட்டைப் போட்டோம். மோசடி குறைந்ததாக எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், ஒரு விடுதியில் முதலில் சேர்ந்த பெண்ணைத் தவிர யாருமே உள்ளே வர முடிந்திருக்கவில்லை. அவள் அழைத்த தோழிகள் எல்லோரும் நிஜமானவர்கள். உங்களிடமும் "நின்ற" பதிவுகளில் எத்தனை நிஜமானவை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

போன் அடையாளத்துக்கும் எல்லை உண்டு. ஆண்ட்ராய்டு 8 முதல் `ANDROID_ID` ஒவ்வொரு ஆப்பின் கையொப்பச் சாவிக்கும் தனித்தனி. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் அதே மதிப்பு வரும். ஆனால் ஃபேக்டரி ரீசெட் செய்தால் மாறிவிடும், அதே போனில் இன்னொரு யூசர் புரொஃபைல் திறந்தாலும் வேறு மதிப்பு வரும். ஐபோனில் ஆப்பிளின் டிவைஸ்செக், ஒரு போனுக்கு இரண்டே இரண்டு பிட் குறித்துவைக்க விடுகிறது. ஆப்பை நீக்கினாலும் அவை அழியாது. "இந்தப் போனில் புதியவர் சலுகை கொடுத்தாகிவிட்டது" என்று குறிக்க ஒரு பிட் போதும். கம்ப்யூட்டரில் எமுலேட்டர் வைத்து நூறு போன் காட்டுபவர்களை வடிகட்ட கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி உதவும்.

எது சிக்கினாலும் கணக்கை மூடாதீர்கள். பரிசை மட்டும் நிறுத்திவைத்து, ஒரு ஆள் பார்த்து முடிவு செய்யட்டும். நிஜமான குடும்பம் என்றால் இரண்டு நாள் தாமதம்தான், உறவு கெடாது.

திருச்சி, ஆப் பயன்படுத்துபவர்: அக்கா, என் தம்பிக்கு லிங்க் அனுப்பினேன். அவனும் இன்ஸ்டால் பண்ணிட்டான். எனக்குப் பணமே வரலை. கொஞ்சம் போட்டு விடுங்களேன்.

தங்கச்சி, நான் எந்த ஆப் நிறுவனத்திலும் இல்லை. இங்கே நடப்பது ஆப் செய்கிறவர்களுக்கான கேள்வி பதில். ஆனால் உங்களுக்கு நடந்தது அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். தம்பி லிங்கைத் தொட்டாரா, அல்லது நீங்கள் சொன்ன பெயரை பிளே ஸ்டோரில் தேடி இன்ஸ்டால் செய்தாரா என்று கேளுங்கள். தேடியிருந்தால் உங்கள் கோட் வழியிலேயே விழுந்துவிட்டது.

டெவலப்பர்களுக்கு: பிளே ஸ்டோர் லிங்கின் கடைசியில் இப்படிச் சேர்த்தால், இன்ஸ்டால் ரெஃபரர் வழியாக ஆப் அதை முதல் முறை திறக்கும்போது படிக்கலாம்.

```
https://play.google.com/store/apps/details?id=com.example.app&referrer=code%3DK7MPX4
```

ஐபோனில் இதற்குச் சமமான வழி கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸை நம்பியிருந்தவர்களுக்கு அதுவும் 2025 ஆகஸ்ட் 25 அன்று நின்றுபோனது. அதனால் பதிவு செய்த பின் ஏழு நாள் வரை, முதல் ஆர்டருக்கு முன், கோடைக் கையால் தட்டச்சு செய்ய ஒரு இடம் வையுங்கள். புகார்களில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும்.

மதுரை, கல்லூரி மாணவர்: கோடை எத்தனை எழுத்தில் வைக்கலாம்? நாலு இலக்க எண் போதாதா? சிலர் ஒரே கோடை இரண்டு முறை போட்டு இரண்டு பரிசு வாங்கியிருக்கிறார்கள், அது எப்படி என்றும் புரியவில்லை.

நாலு இலக்கத்தில் 10,000 கோட்தான் இருக்கும். ஆயிரம் பேர் சேர்ந்ததுமே, கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைப் போட்டால் பத்தில் ஒன்று யாருடையதாவது இருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் சேர்ந்த 36-இல், பார்க்க ஒன்றுபோல் இருக்கும் `0 O 1 I L` ஐந்தையும் நீக்கினால் 31 மிஞ்சும். ஆறு எழுத்து வைத்தால் 88 கோடிக்கு மேல் கோட் கிடைக்கும். போனில் ஒருவருக்கொருவர் வாயால் சொல்லவும் சுலபம்.

இரட்டைப் பரிசுக்குக் காரணம் பெரும்பாலும் நேரப் போட்டி. ஒரே பயனர் ஒரே கணத்தில் இரண்டு கோரிக்கை அனுப்புகிறார். இரண்டுமே "இவர் இன்னும் கோட் போடவில்லை" என்று படித்துவிட்டு, இரண்டுமே எழுதிவிடுகின்றன. ஆப் கோடில் `if` போட்டு இதைத் தடுக்க முடியாது. டேட்டாபேஸே மறுக்க வேண்டும்.

```sql
ALTER TABLE referrals
  ADD CONSTRAINT one_per_invitee UNIQUE (invitee_id);
```

அதே பயனருக்கு இரண்டாவது பதிவை எழுத வந்தால் பிழை வரும். பரிசை ஏற்றும் வேலையும் இதே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கட்டும்.

நீங்கள் செய்வது அழைப்பு இருந்தால் மட்டுமே நுழையக்கூடிய ஆப் என்றால் விஷயம் வேறு. அங்கே கோட் என்பது கதவின் சாவி. ஒரு கோட் ஒரு முறைதான் திறக்க வேண்டும், கெடு தேதியும் வேண்டும். 2004-இல் ஜிமெயில் அழைப்பு இருந்தால்தான் கிடைக்கும் என்றிருந்தபோது, அழைப்புகளை இபே தளத்தில் ஏலம் போட்டு விற்றார்கள். கிடைக்காத பொருளுக்கு விலை வந்துவிடும்.

ஈரோடு, பகுதி நேர யூடியூபர்: நான் என் கோடை வீடியோவின் கீழே போடுகிறேன். நிஜமான ஆட்கள்தான் வருகிறார்கள். ஒரு கம்பெனி என்னை மோசடிக்காரன் என்று சொல்லிப் பரிசை நிறுத்திவிட்டது. இது நியாயமா?

நீங்கள் செய்தது மோசடி இல்லை. விதிகளில் "பொதுவெளியில் பகிரக் கூடாது" என்று முன்பே எழுதியிருந்தால் மட்டும் அவர்கள் நிறுத்தலாம். என்னைக் கேட்டால், ஒரு ஆளுக்கு மாதம் பத்துப் பேர் வரைதான் பரிசு என்று முதலிலேயே உச்சவரம்பு வைத்திருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அதற்கு மேல் ஆள் கொண்டுவருபவரோடு தனி ஒப்பந்தம் போடலாம்.

சென்னை டெவலப்பர் (மீண்டும்): டிராப்பாக்ஸ் வரம்பே இல்லாமல் கொடுத்துத்தானே வளர்ந்தது?

வரம்பு இருந்தது. இலவசக் கணக்கில் ஒரு நண்பருக்கு 500 எம்பி, மொத்தம் 16 ஜிபி வரை. நண்பர் மின்னஞ்சலை உறுதி செய்து, கம்ப்யூட்டரில் ஆப்பை இன்ஸ்டால் செய்த பிறகே இடம் கூடும். அதையும் சிலர் விர்ச்சுவல் மெஷின் வைத்து ஏமாற்றினார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது சேமிப்பு இடம், அதை வைத்து எண்ணெய் வாங்க முடியாது. பரிசு உங்கள் ஆப்புக்குள்ளேயே பயன்படும் பொருளாக இருந்தால் ஏமாற்றுபவரின் ஆர்வம் பாதியாகிவிடும்.

கோவைக்காரர் (மீண்டும்): மேடம், அந்த 112 கணக்கில் கொடுத்த பணத்தைத் திரும்ப எடுக்கலாமா? என் பார்ட்னர் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார்.

செலவாகாமல் வாலட்டில் கிடப்பதை, காரணம் சொல்லித் தகவல் அனுப்பிவிட்டு எடுங்கள். எண்ணெயாகப் போனதை விட்டுவிடுவேன். உங்கள் விதிகளில் இதற்கு இடமே இல்லாதபோது மைனஸ் இருப்பு காட்டினால் சண்டைதான் மிஞ்சும். உங்கள் பார்ட்னர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, விட்டால் இன்னும் பத்துப் பேருக்குச் செய்தி போகும். எனக்கே இதில் உறுதியான பதில் இல்லை. ஆனால் அந்த 112-இல் இரண்டாவது ஆர்டர் போட்டவர்கள் இருந்தால் முதலில் அவர்களைத் தனியாக எடுத்துவையுங்கள். அவர்களுக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.